நாலாவது வருடம் ஷோரூமிலிருந்து ஒரு போன் வரும்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 33 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். நானும் மனைவியும் தனியார் வேலையில் இருக்கிறோம். மகளுக்கு 4 வயது. வீட்டுச் செலவு போக மாதம் 28,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் 10,000 எஸ்.ஐ.பி. போகிறது. எஃப்.டி.யில் 3,60,000 இருக்கிறது. மனைவியின் அம்மா வீடு ஏற்காட்டில். மாதம் இரண்டு முறையாவது போகிறோம். அப்பாவையும் அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. 10,20,000 ரூபாய் விலையில் ஒரு பெட்ரோல் கார் பார்த்திருக்கிறோம். ஆன்-ரோடு 12,60,000. எஃப்.டி.யை முன்பணமாகக் கட்டி, 9 லட்சத்தை 7 வருடக் கடனாக வாங்க நினைக்கிறேன். வங்கியில் 9.5 சதவீதம், ஷோரூமில் சொல்லும் நிதி நிறுவனத்தில் 5.5 சதவீதம் ஃபிளாட் என்கிறார்கள். எஸ்.ஐ.பி.யைக் கொஞ்ச காலம் நிறுத்தினால் தவணை கட்டிவிடலாம். காரும் ஒரு சொத்துதானே ஐயா? வாங்கலாமா?

பதில்: வணக்கம் தம்பி. வட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மட்டும்தான் உடனே கையெழுத்து கேட்பார்கள். 5.5 சதவீதம் ஃபிளாட் என்றால் 7 வருடமும் முழு 9 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். நீங்கள் பாதி அசலைக் கட்டி முடித்த பிறகும் கணக்கில் 9 லட்சம்தான் நிற்கும். அப்படி வட்டி மட்டும் 3,46,500 ஆகிறது. அசலோடு கூட்டி 84 மாதத்துக்கு வகுத்தால் தவணை சுமார் 14,840. வங்கியின் 9.5 சதவீதம் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டி. அதில் தவணை 14,710. ஆக, சின்ன எண்ணாகத் தெரிவதுதான் விலை கூடிய கடன். யார் என்ன சதவீதம் சொன்னாலும் ‘மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்’ என்று மட்டும் கேட்டு இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நான் 26 வருடம் வங்கியில், பெரும்பாலும் கடன் பிரிவில் இருந்தவன். படித்தவர்களே இந்த இடத்தில் ஏமாந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, கார் சொத்துதானா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆன்-ரோடு ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 12,60,000 கொடுக்கிறீர்கள். அதில் காரின் விலை 10,20,000. மீதி 2,40,000 எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். உங்கள் கார் அந்தக் கோட்டை 20,000 ரூபாயில் தாண்டியிருக்கிறது. அதனால் வரி 1,83,600. இதே கார் 9,90,000 விலையில் இருந்திருந்தால் வரி 1,28,700தான் வந்திருக்கும். விலையில் 30,000 வித்தியாசம், வரியில் கிட்டத்தட்ட 55,000 வித்தியாசம். 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஷோரூம் இன்னொரு 1 சதவீதத்தையும் வருமான வரிக் கணக்கில் பிடிக்கும். அதை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், விட்டுவிடாதீர்கள். பாக்கி இன்சூரன்ஸும் பதிவுச் செலவும். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே ஏறக்குறைய இந்த 2,40,000 ரூபாயும் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. பழைய கார் வாங்க வருபவர் ‘நீங்கள் எவ்வளவு வரி கட்டினீர்கள்’ என்று கேட்டு அதையும் சேர்த்துத் தர மாட்டார்.

மீதி 10,20,000 எப்படிக் கரைகிறது என்பதற்கு இன்சூரன்ஸ் பாலிசியிலேயே ஒரு எண் அச்சடித்திருக்கும். ஐ.டி.வி. என்று போட்டிருப்பார்கள். கார் முழுசாகத் திருடுபோனாலோ, விபத்தில் மொத்தமாக நொறுங்கினாலோ கம்பெனி அதிகபட்சமாகத் தரும் தொகை அது. அதற்குக் கழிவு விகிதம் உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. அதற்குமேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. சந்தை விலை இதைவிடக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். சில மாடல்களுக்குச் சேலத்தில் நல்ல கிராக்கி இருக்கிறது, சிலவற்றைச் சொந்தக்காரரே வந்து கெஞ்ச வேண்டியிருக்கும். ஆனால் ஒரு அளவுகோலாக இந்தக் கணக்கு போதும்.

இப்போது உங்கள் கடனை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாதம் நீங்கள் கட்டும் 14,710 ரூபாயில் 7,125 வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 7,585 மட்டும். 7 வருடக் கடனின் குணம் அது, முதல் சில வருடங்கள் அசல் மெதுவாகத்தான் இறங்கும். மூன்று வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டிய பிறகும் பாக்கி சுமார் 5,85,000 இருக்கும். அன்று காரின் வயது மூன்று முடிந்திருக்கும், ஐ.டி.வி. கணக்குப்படி மதிப்பு 6,12,000. காரை விற்றுக் கடனை அடைத்தால் கையில் நிற்பது 27,000 ரூபாய். அதற்காக அதுவரை நீங்கள் கொடுத்தது எவ்வளவு? முன்பணம் 3,60,000, தவணை 36 மாதத்தில் 5,29,560. ஆக மொத்தம் ஏறக்குறைய 8,90,000.

இந்த ஒரு வரியை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். 8,90,000 போட்டு 27,000 மிஞ்சுகிற ஒன்றைச் சொத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு வசதி. வசதிக்குப் பணம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் சொத்து என்று பெயர் வைத்துவிட்டால், எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்கவே தோன்றாமல் போய்விடும். (முன்பணமே இல்லாமல் முழு ஆன்-ரோடு விலைக்கும் கடன் தருகிறோம் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி வாங்கியவருக்கு மூன்றாவது வருடம் காரை விற்றாலும் கடன் தீராது.)

கார் ஓடும் செலவையும் பார்த்துவிடலாம். நீங்கள் எழுதியதை வைத்து மாதம் 500 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏற்காட்டுக்கு இரண்டு முறை போய்வர 140, ஆஸ்பத்திரிக்கு 60, ஒரு வெளியூர்ப் பயணம் 150, ஊருக்குள் 150. மலை ஏற்றத்தையும் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,640. இன்சூரன்ஸ், சர்வீஸ், 7 வருடத்தில் ஒரு செட் டயர், ஒரு பேட்டரி எல்லாவற்றையும் பரத்திப் போட்டால் மாதம் 2,500. தவணையோடு சேர்த்து 20,850. எஸ்.ஐ.பி. போக உங்களிடம் மிஞ்சுவது 18,000. தவணை 14,710 அதற்குள் அடங்குகிறது என்று தோன்றும், ஆனால் கார் அடங்காது. எஸ்.ஐ.பி.யை ஏன் நிறுத்தத் தோன்றுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

7 வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தேன். முன்பணம், தவணை, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 21,10,000. கடைசியில் காரை 3,50,000க்கு விற்றீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் நிகரச் செலவு 17,60,000. ஓடியது 42,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 42 ரூபாய் ஆகிறது. நாம் வழக்கமாகக் கணக்குப் போடுவது பெட்ரோலை மட்டும்தான், அது கிலோமீட்டருக்கு 7 ரூபாய் சொச்சம். மீதி 35 ரூபாய் கார் வாசலில் நிற்கும்போதும் போய்க்கொண்டே இருக்கிறது. வெளியூர் டாக்சி கிலோமீட்டருக்கு 15 ரூபாய், அதோடு டிரைவர் பேட்டா, காத்திருப்பு என்று தாராளமாகப் போட்டாலும் உங்கள் 500 கிலோமீட்டருக்கு மாதம் 10,000க்குள் வரும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். காரை வைத்தே பிழைப்பவருக்கு முற்றிலும் வேறு. உங்கள் ஓட்டத்துக்கு இதுதான் நிலைமை.

அதனால் கார் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் டாக்சிக்காரர் போன் எடுப்பாரா என்று காத்திருக்க முடியாது. மழையில் நான்கு வயதுக் குழந்தையைப் பைக்கின் முன்னால் உட்காரவைத்து மலை ஏறவும் கூடாது. உங்கள் வீட்டுக்குக் கார் தேவைதான். நான் வேண்டாம் என்பது இந்தக் காரை, இந்தக் கடனில்.

எஸ்.ஐ.பி.யைக் ‘கொஞ்ச காலம்’ நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் 7 வருடம், அதனால் கொஞ்ச காலம் என்பதும் 7 வருடம்தான். மாதம் 10,000, வருடத்துக்குச் சராசரி 10 சதவீதம் வளர்ச்சி என்று வைத்துப் பார்ப்போம். பங்குச் சந்தையில் இதற்கு உத்தரவாதம் கிடையாது, கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அந்த வேகத்தில் 7 வருடத்தில் சேர்வது சுமார் 12,10,000. போட்டது 8,40,000. அதற்குப் பிறகு ஒரு ரூபாயும் போடாமல் விட்டாலே அடுத்த 7 வருடத்தில் அது இரண்டு மடங்காகி 24 லட்சத்தைத் தொடும். அன்று உங்கள் மகளுக்கு 18 வயது, கல்லூரிக்குப் போகும் வருடம். ஆக, இன்று நிறுத்தும் எஸ்.ஐ.பி.யின் விலை 10,000 அல்ல, தவணைக்குப் போகும் வட்டி 3,35,000 மட்டும்கூட அல்ல. அந்த 24 லட்சம்தான் அதன் விலை. முதலில் போடும் பணத்துக்குத்தான் வளர நாள் அதிகம். 40 வயதில் மறுபடி ஆரம்பித்து அதே 24 லட்சத்தை அவளுடைய 18 வயதுக்குள் சேர்க்க வேண்டுமென்றால் மாதம் 20,000 போட வேண்டியிருக்கும்.

சரி, 7 வருடம் முடிந்ததும் தவணைப் பணம் விடுதலையாகிவிடுமே, அதை அப்போது போட்டுக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். இங்கேதான் நான் அதிகம் பார்த்த விஷயம் வருகிறது. நாலாவது வருடம் ஷோரூமிலிருந்து ஒரு போன் வரும். ‘சார், உங்கள் வண்டிக்கு இப்போது நல்ல எக்ஸ்சேஞ்ச் விலை இருக்கிறது, புது மாடல் வந்திருக்கிறது, தவணை ஆயிரம், இரண்டாயிரம்தான் கூடும்’ என்பார்கள். பழைய காரின் விலையில் பழைய கடனை அவர்களே அடைத்துவிடுவார்கள். மிஞ்சும் சின்னத் தொகை புது வண்டிக்கு முன்பணம் ஆகிவிடும். புதிதாக 84 மாதம் ஆரம்பிக்கும்.

சேலம் குகைப் பகுதியில் விசைத்தறி வைத்திருந்த ஒருவர் என் கிளையின் வாடிக்கையாளர், நல்ல மனிதர், ஒரு தவணைகூடத் தவறியதில்லை. 13 வருடத்தில் மூன்று கார் மாற்றினார். ஒவ்வொரு முறையும் பழைய கார்க் கடனை முடித்து ரசீது போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த 13 வருடத்தில் அவர் கார்க் கடன் இல்லாமல் இருந்த மாதம் ஒன்றுகூட இல்லை. மூத்த பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையோடு வந்து நின்றபோது அவருடைய கணக்குப் புத்தகத்தை நான் முழுதாகப் பார்த்தேன். தவணைக்கு மட்டும் போன பணத்தைக் கூட்டியபோது அவருக்கே அதிர்ச்சி. கடன் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்கும் அது மனதை உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது. அந்த உறுத்தலோடுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தவணை கட்டும் பழக்கமே இப்படித்தான் வேலை செய்கிறது. சம்பளம் உயரும்போது அந்த உயர்வு சேமிப்புக்கு வருவதற்குள் அடுத்த காரின் தவணை அதை எடுத்துக்கொள்ளும். ஒரு கடனால் யாரும் நொடித்துப்போவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வரும்போதுதான் இருபது வருடச் சேமிப்பு காணாமல் போகிறது.

இப்போது என் யோசனையைச் சொல்கிறேன். எஸ்.ஐ.பி. அப்படியே ஓடட்டும். எஃப்.டி.யையும் தொடாதீர்கள். மிஞ்சும் 18,000 ரூபாயை, கார் வாங்கிவிட்டதாகவே நினைத்து, சம்பளம் வந்த மறுநாளே ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். 12 மாதம். இது ஒத்திகை. இடையில் இரண்டு மாதம் போட முடியாமல் போனால், 7 வருடத் தவணை எப்படி இருந்திருக்கும் என்பது கடன் வாங்காமலே தெரிந்துவிடும். போட முடிந்தால் 2,16,000 சேரும். எஃப்.டி., ஆர்.டி. வட்டியோடு சேர்த்து உங்கள் கையில் ஏறக்குறைய 6,00,000 இருக்கும். அந்த ஒரு வருடம் அப்பாவுக்கும் ஏற்காட்டுக்கும் இப்போது போல டாக்சிதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு டிரைவரிடம் இரவிலும் வருவதற்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம் முடிந்ததும் நாலரை லட்சம் விலையில், நான்கைந்து வருடம் ஓடிய, முதல் சொந்தக்காரரிடமே இருக்கும் ஒரு நல்ல காரை மொத்தப் பணம் கொடுத்து வாங்குங்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஒரு பெரிய சர்வீஸ், டயர் என்று இன்னொரு 50,000 ஒதுக்குங்கள். ஒரு லட்சம் அவசரத்துக்கு எஃப்.டி.யிலேயே நிற்கட்டும். காரின் செங்குத்தான சரிவை முதல் சொந்தக்காரர் சுமந்துவிட்டார். சாலை வரியும் அவர் கட்டியதுதான். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரி வண்டியோடு வரும், நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பெங்களூரு நமக்குப் பக்கம் என்பதால் கர்நாடகப் பதிவு வண்டிகள் இங்கே நிறைய வருகின்றன. பார்க்க ஒரு லட்சம் குறைவாகத் தெரியும். ஆனால் அதை இங்கே நிரந்தரமாக ஓட்ட அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வாங்கி, நம் ஊரில் வண்டியின் வயதுக்கேற்ற வரியைப் புதிதாகக் கட்டி, புது எண் எடுக்க வேண்டும். அங்கே கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க வழி இருந்தாலும் அதற்கு நிறைய அலைய வேண்டும். புரோக்கர் ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பார், அதில் பாதி நடக்காது. டி.என். எண்ணையே தேடுங்கள்.

பழைய கார் என்றால் பயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். உங்களுக்கு அதைச் சோதிக்க ஊரிலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது. விற்பவரை அழைத்துக்கொண்டு கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் ஐந்தாறு மட்டும் ஏறி இறங்குங்கள். நான்கு பேர் உட்கார்ந்து, ஏ.சி. போட்டு ஏறுங்கள். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வண்டி அதே வேகத்தில் போனால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். வெப்பமானி முள் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறக் கூடாது, உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. சமவெளியில் பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் தெரியாத இந்தக் கோளாறுகள் மலையில் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். கிளட்சும் பிரேக்கும் மாற்றக்கூடிய சாமான்கள்தான், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். எஞ்சின் சூடேறினால் மட்டும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

காகிதங்களில் மூன்றை மட்டும் விடாப்பிடியாகப் பாருங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா? இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வைத்து அதை நீக்கிய பிறகுதான் முழுப் பணம். ‘கடன் முடிந்துவிட்டது, பேப்பர் அப்புறம் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் பெயர் மாற்ற முடியாமல் வங்கிக்கு நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது சர்வீஸ் பில்கள். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். அதை வரிசையாக வைத்துப் பார்த்தால் மீட்டரைத் திருப்பியிருப்பது தெரிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் 61,000 என்று இருந்த வண்டி இன்று 48,000 காட்டாது. மூன்றாவது இன்சூரன்ஸ். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாத வண்டியில் அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். ‘ஒரு கீறல்கூட இல்லை’ என்று சொல்பவரின் பாலிசியில் போனஸ் பூஜ்யமாக இருந்தால் என்ன கிளெய்ம், எப்போது என்று கேட்க வேண்டும். அந்த போனஸ் விற்பவருக்கே சொந்தம், உங்களுக்கு மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

இந்த வழியில் போனால் கார் வந்த பிறகு உங்களுக்கு மாதம் ஆகும் செலவு பெட்ரோல் 3,640, பழைய வண்டி என்பதால் பராமரிப்பும் இன்சூரன்ஸும் சேர்த்து 3,500 என்று வைத்துக்கொள்வோம். 18,000த்தில் கிட்டத்தட்ட 11,000 மிஞ்சும். முதலில் அதை வைத்து அவசரப் பணத்தை மறுபடி மூன்று, நான்கு லட்சமாக நிரப்புங்கள். எஃப்.டி. முழுவதையும் முன்பணமாகக் கட்டியிருந்தால் அப்பாவின் ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிரெடிட் கார்டைத்தான் நீட்டியிருப்பீர்கள்.

புதுக் கார்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், சண்டை வேண்டாம், ஆனால் மூன்று மாற்றம் செய்யுங்கள். 10 லட்சம் கோட்டுக்குக் கீழே இருக்கும் வேரியண்டாக எடுங்கள், உங்கள் வரவுக்கு ஏழு லட்சத்தை ஒட்டிய கார் இன்னும் பொருத்தம். எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல் கட்ட முடிகிற தவணைக்கு மேல் கடன் வேண்டாம், காலம் 5 வருடத்தைத் தாண்ட வேண்டாம். இதே 9 லட்சத்தை 5 வருடத்தில் கட்டினால் தவணை 18,900, உங்களிடம் மிஞ்சும் 18,000த்தைத் தாண்டுகிறது. அப்படியென்றால் 9 லட்சம் உங்களுக்குப் பெரிய கடன் என்று அந்த எண்ணே சொல்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் முன்கூட்டியே அடைத்தால் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கார்க் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் அந்தக் கட்டணம் இருக்கும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கும். புது வாங்குபவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் வாங்கியவரின் காருக்கு அன்றே மதிப்பு இறங்கியது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் கூடவே இறங்கும், கடன் பாக்கி மட்டும் அப்படியே நிற்கும். கழிவு விகிதப் பட்டியலில் வராத இழப்பு இது.

ஒத்திகையை அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குங்கள். வருடம் கழித்து ஏதாவது வண்டி பிடித்துப்போனால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி., இன்சூரன்ஸ், கடைசி மூன்று சர்வீஸ் பில் இவற்றின் நகலை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.